பெட்டியில் குறைந்த 613 ரூபாய்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். கடை வைத்திருப்பவர்களும், கடையில் கணக்கு எழுதும் பிள்ளைகளும் பொறுமையாகப் படியுங்கள்.

என் பழைய மாணவன் ஒருவன் தஞ்சாவூரில் பம்புசெட்டு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். குறுவை நேரத்தில் அவன் கடையில் நிற்க இடம் இருக்காது. போன மாதம் போன் செய்தான். "டீச்சர், நம்ம ஊர்ப் பொண்ணு ஒண்ணை நீங்க சொல்லித்தான் வேலைக்கு வச்சேன். பெட்டி கேஷ்ல காசு குறையுது. என்ன செய்யறதுன்னு தெரியலை" என்றான். அந்தப் பெண்ணின் அம்மாவும் என்னிடம் படித்தவள்தான். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டேன்.

பெட்டி கேஷ் என்றால் பெட்டியில் இருக்கும் காசு என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அது சில்லறைச் செலவுக்கான ரொக்கம். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் இதை முன்பண மீட்பு முறை என்று படித்திருப்பீர்கள். எங்கள் பள்ளியில் நிரந்தர முன்பணம் என்போம். ஒரு தொகையை முடிவு செய்து ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் செலவு செய்யச் செய்ய ரசீது சேரும். வாரக் கடைசியில் ரசீதுகளைக் கொடுத்து, எவ்வளவு செலவானதோ அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வார். பெட்டி மறுபடி பழைய தொகைக்கு நிரம்பிவிடும். எந்த நேரத்தில் திறந்து பார்த்தாலும் இருக்கும் காசும் ரசீதுகளும் சேர்ந்து அந்தத் தொகை வர வேண்டும். இந்த முறையின் அழகே அதுதான்.

இவன் கடையில் தொகை 5,000. மூன்றாம் வாரம் பணம் நிரப்பிய கையோடு எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 4,387 ரூபாய்தான் இருந்தது. 613 குறைவு. அந்தப் பெண் அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

நான் காசைத் தொடவில்லை. ரசீதுகளைக் கேட்டேன். மூன்றாம் வாரத்தில் ஆறு இருந்தன. பிரிண்டருக்கு டோனர், 600 ரூபாய், வரி 108, ஆக 708. கூரியர் 200, வரி 36, ஆக 236. நட்டு போல்ட் 350, வரி 63, ஆக 413. சரக்கு இறக்கிய கூலி 450. பில் கிடையாது, ஆள் கையெழுத்துப் போட்ட சீட்டு. வாரம் முழுக்க டீ, வடை 320. வெளியூரிலிருந்து வந்த மெக்கானிக்குக்கு ஓட்டல் சாப்பாடு 400, வரி 20, ஆக 420. எல்லாம் கூட்டினால் 2,547.

"இந்த வாரம் பெட்டியில எவ்வளவு போட்டீங்க தம்பி?" என்று கேட்டேன். "2,320 டீச்சர். கணக்கு எழுதறவர் சொன்ன தொகை" என்றான்.

வித்தியாசம் 227. நான்கு பில்லிலும் உள்ள வரியைக் கூட்டிப் பாருங்கள்: 108, 36, 63, 20. சரியாக 227! முதல் வாரத்து ரசீதுகளில் வரி 198, இரண்டாம் வாரம் 188. மூன்றையும் கூட்டினால் 613. ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

நடந்தது இதுதான். கணக்கு எழுதுபவர் வரியைச் செலவில் சேர்க்காமல் உள்ளீட்டு வரி என்று தனியே எழுதினார். பிரித்து எழுதியது தப்பில்லை. நாம் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, நாம் விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டியை நிரப்பும்போது செலவுத் தலைப்பின் கூட்டுத்தொகைக்கு மட்டும் பணம் எடுத்துவிட்டார். கூரியர்காரருக்கு அந்தப் பெண் கொடுத்தது 200 இல்லை, 236. வரியும் பெட்டிக் காசிலிருந்துதான் போனது. வரி பின்னால் கழிந்தாலும் கழியாவிட்டாலும், பெட்டிக்குத் திரும்ப வர வேண்டியது ரசீதின் முழுத்தொகை. கணக்கில் எத்தனை தலைப்பாகப் பிரித்தாலும் பிரித்ததன் கூட்டு 2,547 ஆக வேண்டும்.

இன்னொரு தப்பும் இருந்தது. 227 முழுவதையும் கழித்துக்கொள்ள முடியாது. நட்டு போல்ட் பில்லை எடுத்துப் பார்த்தேன். விற்றவருடைய ஜிஎஸ்டி எண் இருந்தது. நம் கடையின் எண் இல்லை. வெறும் 'ரொக்கம்' என்று எழுதியிருந்தது. வாங்குபவரின் பெயரும், 33 என்று தொடங்கும் நம் 15 இலக்க எண்ணும் இல்லாவிட்டால் அது அரசாங்கத்துக்கு யாரோ ஒரு ஆள் வாங்கியது. நம் GSTR-2B பட்டியலில் அது வராது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியலில் வராத வரியைக் கழிக்க முடியாது. ஆக 63 போயிற்று. ஓட்டல் சாப்பாட்டு வரி 20, பில்லில் நம் எண் இருந்தாலும் கழியாது. உணவுக்கான வரியைச் சட்டமே இந்த மாதிரிக் கடைகளுக்குத் தடுத்திருக்கிறது. மிஞ்சியது டோனரும் கூரியரும், 144 ரூபாய். அதில் மத்திய வரி 72, மாநில வரி 72.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுதுபொருள் 600, கூரியர் 200, பழுதுபார்ப்புச் சாமான் வரியோடு 413, கூலி 450, டீயும் சாப்பாடும் வரியோடு 740. செலவு மொத்தம் 2,403. உள்ளீட்டு வரி 144. இரண்டும் சேர்ந்து 2,547. கழியாத வரி எந்தப் பொருளுக்கோ அந்தப் பொருளின் செலவிலேயே சேர்ந்துவிடும். அதற்குத் தனித் தலைப்பு வேண்டாம்.

என் மாணவன் பெட்டியில் 613 ரூபாய் வைத்தான். "மன்னிச்சுக்கம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னான். அதற்காக அவனை மெச்சுகிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவன் மச்சான் அரிசி வியாபாரி. "அப்ப எங்க கடை டோனருக்கும் 108 கழிச்சுக்கலாமா டீச்சர்?" என்றார். அவர் விற்பதெல்லாம் 26 கிலோ சிப்பம். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பொட்டலம் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்குத்தான் 5 சதவீதம் வரி. அதற்கு மேலே போனால் வரி இல்லை. விற்பனையில் வரியே இல்லாதபோது எதில் கழிப்பது? அவருக்கு 708 முழுவதும் செலவுதான். எங்கள் பள்ளிக் கணக்கும் அப்படித்தான். பள்ளி எதையும் விற்பதில்லை. அதனால் வரியைப் பிரிக்காமல் பில் தொகையை அப்படியே எழுதினோம், குழப்பமே வந்ததில்லை.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில் முன்பணத்தில் 40 ரூபாய் குறைந்தது. யாரிடமும் சொல்லாமல் கைக்காசைப் போட்டு நிரப்பினேன். பல நாள் கழித்து அந்த ரசீது ஒரு நோட்டுக்குள் கிடைத்தது. பெட்டி குறைந்தால் கைக்காசைப் போடாதீர்கள், ஆளையும் சந்தேகப்படாதீர்கள். முதலில் ரசீதைக் கூட்டுங்கள். பிறகு கடைசியாக நிரப்பிய தொகை அந்த ரசீதுகளின் முழுக்கூட்டா என்று பாருங்கள். குறைகிற தொகை வரியின் கூட்டோடு ஒத்துப்போனால் விஷயம் எங்கே என்று தெரிந்துவிடும்.

அந்தப் பெண் இப்போது பில் வாங்கும்போதே கடை எண்ணைச் சொல்லி எழுத வைக்கிறாளாம். நேற்று போனில் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்