வெள்ளிப் பசையா, வெள்ளைப் பசையா?

உங்க லேப்டாப்புக்கு வயசு ஏழு, எட்டைத் தாண்டிடுச்சுன்னா இந்தச் சத்தம் உங்களுக்குப் பழக்கமா இருக்கும். மேட்லேப்பைத் திறந்த ரெண்டாவது நிமிஷத்துல ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும், கீபோர்டின் மேல் வரிசை சுடும், கொஞ்ச நேரத்துல எல்லாமே ஸ்லோ ஆகிடும். "பழசு, அவ்ளோதான்"னு நாம விட்டுடுவோம். பல நேரம் காரணம் வயசு இல்லை. பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல இருக்குற தெர்மல் பேஸ்ட் காஞ்சு போயிருக்கும், அவ்வளவுதான்.

போன செமஸ்டர்ல எங்க விங்ல இருக்குற ஒரு ஜூனியர் தன்னோட லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான். 2013 மாடல், 35 வாட் ஐ5. அவங்க அக்கா வேலைக்குப் போன முதல் வருஷம் செகண்ட் ஹேண்ட்ல வாங்கிக் கொடுத்தது. புதுசு வாங்குற பேச்சுக்கே வீட்ல இடமில்லை. அவன் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, லிக்விட் மெட்டல் போட்டா சூப்பரா கூல் ஆகுமாமே, வாங்கிடவா?"

நான் வேண்டாம்னு சொன்னேன். ஏன்னு உங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல பேஸ்ட் எதுக்குன்னு பார்ப்போம். சிப்பின் மேற்பரப்பும் ஹீட்சிங்கின் செம்புத் தகடும் கண்ணுக்கு வழவழன்னு தெரியும். ஆனா நுணுக்கமா பார்த்தா ரெண்டுமே மேடு பள்ளம். அந்தப் பள்ளங்கள்ல காற்று நிற்கும், காற்று வெப்பத்தை ரொம்ப மோசமா கடத்தும். அந்தக் காற்றை வெளியே தள்ளி இடத்தை நிரப்புறதுதான் பேஸ்ட்டோட வேலை. கடையில கிடைக்கிறதை மூணு வகையா பிரிக்கலாம். சிலிகான் எண்ணெய்ல துத்தநாக ஆக்சைடு மாதிரி பொடிகளைக் கலந்த வெள்ளைப் பசை ஒண்ணு. வெள்ளி அல்லது அலுமினியத் துகள் கலந்த சாம்பல் நிறப் பசை இன்னொண்ணு. மூணாவதுதான் லிக்விட் மெட்டல். அது உண்மையில பசையே இல்லை. காலியம், இண்டியம், வெள்ளீயம் சேர்ந்த, அறை வெப்பநிலையிலேயே திரவமா இருக்குற உலோகக் கலவை.

இப்போ ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல படிச்சதைக் கொஞ்சம் வெளியே எடுப்போம்.

```
ΔT = P × t / (k × A)
```

P என்பது 35 வாட். பேஸ்ட்டோட தடிமன் t 50 மைக்ரான்னும், சிப்போட பரப்பு A ஒரு சதுர செ.மீ.ன்னும் வச்சுக்கலாம். k என்பது வெப்பக் கடத்துத்திறன். காஞ்சு, நடுவுல காற்று புகுந்த பேஸ்ட்டுக்கு k 0.5ன்னு எடுத்தா, அந்த மெல்லிய படலத்தைத் தாண்டவே 35 டிகிரி வித்தியாசம் வருது. k 4 இருக்குற சாதாரணப் பேஸ்ட்டுக்கு அது சுமார் 4.4 டிகிரி. k 8 உள்ள நல்ல பேஸ்ட்டுக்கு 2.2. லிக்விட் மெட்டலுக்கு k 70ன்னு போட்டா கால் டிகிரி.

கவனிச்சீங்களா? காஞ்ச பேஸ்ட்டை எடுத்துட்டு நல்ல பேஸ்ட் போட்டா 33 டிகிரி குறையுது. அதுக்கு மேல லிக்விட் மெட்டலுக்குப் போனா கிடைக்கிறது ரெண்டே டிகிரி. 100 வாட்டுக்கு மேல இழுக்குற கேமிங் லேப்டாப்ல கதை வேற. 35 வாட் பழைய மெஷின்ல அந்த ரெண்டு டிகிரிக்காக எடுக்குற ரிஸ்க் என்னன்னு பாருங்க.

டெஸ்க்டாப் பிராசஸருக்கு மேல உலோக மூடி இருக்கும். லேப்டாப்ல அது கிடையாது. சிலிக்கான் டை நேரா வெளியே தெரியும். அதைச் சுத்தி சில மில்லிமீட்டர்லயே கடுகை விடச் சின்னதா கெபாசிட்டர்கள் வரிசையா இருக்கும். அதுல பலதுக்கு ஒரு முனை கோர் வோல்டேஜ், மறு முனை கிரவுண்ட். ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. ஒரு துளி லிக்விட் மெட்டல் அங்க உருண்டு போய் நின்னா, கோர் சப்ளை நேரா கிரவுண்டோட சேர்ந்துடும். ஒரு வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க. அந்த ஒரு வோல்ட் லைன்தான் பத்து, முப்பது ஆம்பியர் கொடுக்கத் தயாரா இருக்குற லைன்.

அறிகுறி சுலபமா தெரியும். பவர் பட்டனை அழுத்தினா எல்.ஈ.டி. எரியும், ஃபேன் அரைச் சுத்து சுத்தும், உடனே அணைஞ்சிடும். ஓவர் கரண்ட் பாதுகாப்பு நேரத்துக்கு வேலை செஞ்சிருந்தா சுத்தம் பண்ணினதும் பிழைக்கலாம். இல்லைன்னா போர்டே போயிடும். பக்கத்து விங்ல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. போடும்போது எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு. ஒரு வாரம் பேக்ல செங்குத்தா வச்சு கிளாஸுக்கும் ரூமுக்கும் அலைஞ்ச பிறகு துளி நகர்ந்திருக்கு. லிக்விட் மெட்டல் போட்ட பிறகும் திரவமாவே இருக்கும் என்பதுதான் பிரச்சினை. அதை உள்ளே வச்சே விற்கிற பிளேஸ்டேஷன் 5 மாதிரி கருவிகள்ல, அது வெளியே போகாதபடி டையைச் சுத்தித் தடுப்பு கட்டியிருப்பாங்க. நம்ம பழைய லேப்டாப்ல அது கிடையாது. இன்னொண்ணு, காலியம் அலுமினியத்துக்குள்ள ஊடுருவி அதை நொறுங்க வச்சிடும். ஹீட்சிங்க்ல அலுமினியம் இருந்தா அதுவும் காலி.

வெள்ளித் துகள் பசை இவ்வளவு ஆபத்தில்லை. துகள்களுக்கு நடுவுல எண்ணெய் இருக்குறதால மல்டிமீட்டர் வச்சா பெரும்பாலும் பீப் வராது. ஆனா அதை மட்டும் நம்பி கெபாசிட்டர் மேல பூசிடாதீங்க. பிரபலமான ஆர்க்டிக் சில்வர் 5 பேஸ்ட்டைத் தயாரிக்கிறவங்களே, அது மின்சாரத்தைக் கடத்தாது, ஆனா லேசான கெபாசிட்டிவ் தன்மை உண்டு, அருகருகே இருக்குற ரெண்டு இணைப்பை மூடினா பிரச்சினை வரலாம்னுதான் சொல்றாங்க.

அதனால ஜூனியர் மெஷினுக்கு உலோகம் கலக்காத, k 8 பேஸ்ட் வாங்கினோம். பேட்டரியைக் கழட்டி, பவர் பட்டனைப் பதினைஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிச்சோம். ஹீட்சிங்க் ஸ்குரூ பக்கத்துல 1, 2, 3ன்னு எண் இருக்கும். கழட்டும்போது தலைகீழ் வரிசை, மாட்டும்போது நேர் வரிசை, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா. ஒரே ஸ்குரூவை முழுசா முறுக்கினா டை ஓரம் உடையலாம். பழைய பேஸ்ட் செங்கல் பொடி மாதிரி உதிர்ந்துச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சோம். புதுசை அரிசி அளவு வச்சு, பழைய கார்டு ஓரத்தால டை முழுக்க மெல்லிசா இழுத்தோம். டை ஓரம் மூடியிருக்கணும், அதே சமயம் பேஸ்ட் பிதுங்கி வழியக் கூடாது. பக்கத்துல இருந்த ரப்பர் மாதிரி தெர்மல் பேடைத் தொடலை. அங்க இடைவெளி அதிகம், பேஸ்ட் அதை நிரப்பாது.

லினக்ஸ்ல `sensors` அடிச்சுப் பார்த்தோம். லோடுல 97 டிகிரி காட்டின `Package id 0` இப்போ 76. ஃபேன் தூசியையும் எடுத்ததால இதுல எல்லாம் பேஸ்ட் கணக்கு இல்லை. அவன் அன்னைக்கு ராத்திரியே அக்காவுக்கு போன் பண்ணி, "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்"னு சொன்னான்.

உங்க மெஷினைத் திறக்குறதுக்கு முன்னாடி லோடுல என்ன டிகிரின்னு எழுதி வச்சுக்கோங்க. மாத்தினப்புறமும் அஞ்சு டிகிரிகூட குறையலைன்னா பேஸ்ட்டைக் குறை சொல்லாம ஹீட்சிங்க் சமமா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. கழட்டும்போது டை மேல பேஸ்ட் ஒரு பக்கம் தடிமனா, மறுபக்கம் இல்லாம இருந்தா ஸ்குரூ வரிசைதான் காரணம்.