பதிமூன்றாவது தடவையில்தான் லாபம்

தடைக்காலம் வந்தால் தேவனாம்பட்டினத்தில் வலையோடு உடம்புக்கும் பழுது பார்ப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாத அந்த 61 நாளில்தான் எங்கள் மாமாவும் தன் வலது தோளைக் கவனித்தார். சட்டை மாட்டவே மாமி வர வேண்டியிருந்தது. எலும்பு டாக்டர் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று சொல்லி பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

கடலூரில் நாங்கள் போன இடத்தில் ஒரு தடவைக்கு 350 ரூபாய். பதினைந்து தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் 4,200. “தடவைக்கு எழுபது ரூபா மிச்சம் மாப்ள” என்றார் மாமா. ஆனால் 4,200 ரூபாய்க்குத் தனித்தனியாகவே பன்னிரண்டு தடவை போய்விடலாம். பதிமூன்றாவது தடவையிலிருந்துதான் மிச்சம். அதையும் முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும். நடுவில் நின்றால் பணம் திரும்பாது.

அந்தப் பணத்தில் என்னென்ன அடக்கம் என்று கேட்டோம். ஐ.எஃப்.டி. கால் மணி நேரம், அல்ட்ராசவுண்ட் கொஞ்ச நேரம், பிறகு “எக்சர்சைஸ் சொல்லித் தருவோம்” என்றார்கள். மெஷின் வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். இறுகிய மூட்டை இளக்குவது பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் கையைப் பிடித்து நீட்டி மடக்க எத்தனை நிமிடம் தருகிறார், கை எத்தனை டிகிரி எழும்புகிறது என்று அளந்து எழுதுகிறாரா என்பதைக் கேட்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவது வீண்.

இன்னொன்று, இந்த நோவு மாதக்கணக்கில் இழுக்கும். சிலருக்கு வருடமும் தாண்டும். பதினைந்து நாள் அடுத்தடுத்துப் போவதைவிட, வீட்டில் தினமும் செய்து அவ்வப்போது காட்டுவது மேல். மாமா தனித்தனியாகவே கட்டினார். முதல் வாரம் நான்கு தடவை, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை. வீட்டில் சுவரில் விரலால் ஏறினார். உத்திரத்தில் கயிறு போட்டு இழுத்தார். தடைக்காலம் முடிவதற்குள் பத்துத் தடவை, 3,500 ரூபாய். கை முழுதாக எழும்பவில்லை. சட்டையைத் தானே மாட்டுகிறார். பக்கவாதம், மூட்டு மாற்று அறுவை போல அடிக்கடி போயே ஆக வேண்டிய நிலைமை என்றால் பேக்கேஜ் கட்டுவதில் நியாயம் உண்டு.

மாமிக்கு ஆயுர்வேதக் கிழியில்தான் நம்பிக்கை. அங்கே ஏழு நாள் பேக்கேஜ் என்றால் எண்ணெய் அதில் சேர்த்தியா, உள்ளுக்குச் சாப்பிடும் கஷாயம் தனிக் காசா, கிழியை எத்தனை நாளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும். பில் வீங்குவது பெரும்பாலும் கஷாயத்தில்தான்.

எழுந்து நடமாட முடியாதவர் வீட்டில் இருந்தால், எந்தப் பேக்கேஜுக்கும் பணம் கட்டுவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், கட்டணம் கிடையாது.