முதலில் தூரத்திலிருந்து

பிரான்சில் இருக்கும் என் தங்கை மகன் காரில் எப்போதும் ஒரு படிவம் வைத்திருப்பான். ‘கான்ஸ்தா’ என்பார்கள். கண்டதைக் கண்டபடி பதிவது என்று பொருள். இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டால், ஓட்டுநர்கள் இருவரும் ஒரே தாளில் விவரம் எழுதி, வண்டிகள் நின்ற நிலையைப் படமாக வரைந்து, கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை. கூட்டம் கூடும், குரல் உயரும், அதற்குள் போக்குவரத்து நிற்கிறதே என்று வண்டியை நகர்த்தச் சொல்லிவிடுவார்கள். ஆகவே அந்தத் தாளின் வேலையைக் கைப்பேசிதான் செய்ய வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கத்துத் தெருவில், எனக்கு முன்னால் நின்றிருந்த குட்டியானை ஒன்று மூட்டை இறக்குவதற்காகப் பின்னால் வந்து, நின்றிருந்த என் கார் மீது மோதியது. வலது ஹெட்லைட் உடைந்தது, பானட் நசுங்கியது. யாருக்கும் அடி இல்லை. ஓட்டிய தம்பி இறங்கி வந்து, “ஐயா, நீங்கதானே வந்து இடிச்சீங்க!” என்றான். பார்ப்பவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். முன்பக்கம் உடைந்த வண்டிதான் இடித்த வண்டி என்பது ஊர் வழக்கு.

நான் பதில் பேசவில்லை. ஓரமாகப் பதினைந்து அடி பின்னால் போய் முதல் படத்தை எடுத்தேன். இரண்டு வண்டிகளும் முழுதாக, சக்கரம் தரையில் படும் இடம் தெரிய, பின்னணியில் கடைப் பலகையும் மின்கம்பமும் இருக்க வேண்டும். கம்பமும் கடையும் நகராது. பிறகு யார் எங்கே நின்றார்கள் என்பதை அவற்றை வைத்துத்தான் அளக்க முடியும். எதிர்ப்புறத்திலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் அதே மாதிரி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் வண்டியைத் தொட விட்டேன்.

பலர் நேரே பள்ளத்தின் மேல் குனிந்து படம் எடுப்பார்கள். அந்தப் படத்தில் ஒரு தகரக் குழி தெரியும், எந்த வண்டியின் குழி, எப்போது விழுந்தது என்பது தெரியாது. ஆகையால் இடையில் இன்னொன்று வேண்டும்: நம்பர் பிளேட்டும் அடிபட்ட இடமும் ஒரே படத்தில். அதற்குப் பிறகு நெருக்கம். கையில் இருந்த குடையைத் தரையில் ஊன்றி என் பானட் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு படம், அதே குடையைக் குட்டியானையின் பின்கதவு மூலைக்குப் பக்கத்தில் ஒரு படம். இரண்டிலும் குடைப்பிடிக்குச் சற்றுக் கீழே ஒரே உயரம். பின்கதவில் ஒட்டியிருந்த என் கார் வண்ணத்தையும், தரையில் சிதறிய கண்ணாடியையும் எடுத்துக்கொண்டேன். மொத்தம் ஐந்து நிமிஷம்: முதல் படம் காலை 10:41, கடைசிப் படம் 10:46. காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டது 10:52.

இந்த நேரம் படக் கோப்புக்கு உள்ளேயே பதிவாகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது போய்விடும். படமும் மங்கும், பெறுகிறவருக்குக் கோப்பு `IMG-20230614-WA0003.jpg` போன்ற பெயரில் சேரும், அந்தத் தேதி எடுத்த நாள்கூட அல்ல, வந்து சேர்ந்த நாள். ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால் மூலம் அப்படியே போகும். மூலப் படங்களைப் பணம் கைக்கு வரும்வரை போனிலிருந்து அழிக்காதீர்கள். அலுவலகத்தில் அசல் கோப்பை யாருக்கும் தராமல் நகலையே கொடுத்துப் பழகியவன் நான்!

நான்காம் நாள், கார் ஒர்க்‌ஷாப்பில் பிரிக்கப்படுவதற்கு முன், சர்வேயர் வந்தார். படம் எவ்வளவு இருந்தாலும் அவர் பார்க்கும்வரை பழுது பார்க்கக் கூடாது. “நீங்கள் இடித்ததாகத்தானே அவர்கள் சொல்கிறார்கள்?” என்று கேட்டுக்கொண்டே முதல் படத்தை விரல்களால் பெரிதாக்கினார். குட்டியானையின் பின்புறம் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மோதியதும் அந்தத் தம்பி கியரை எடுக்காமலே இறங்கியிருக்கிறான்.

சர்வேயர் அதோடு விடவில்லை. விளக்கு எரிந்தால் ரிவர்ஸ் கியர் போட்டிருந்தது என்றுதான் அர்த்தம், வண்டி நகர்ந்ததா என்பது அதில் தெரியாது என்றார். அது நியாயம்தான். பிறகு அதே படத்தின் மேல் மூலையைக் காட்டினார். கடைப் பலகைக்கு மேலே ஒரு சின்ன கேமரா. அன்று மாலையே கடைக்காரரிடம் போனோம். பழைய பதிவு தானாக அழிந்து அதன்மேல் புதியது ஏறுவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் அசையாமல் நின்றதும் அது பின்னால் வந்ததும் அதில் தெளிவாக இருந்தன.

ஹெட்லைட்டுக்கும் பானட்டுக்கும் பணம் வந்தது. இடது பம்பரில் இருந்த பழைய கீறலையும் நெருக்கமாக எடுத்து, ‘இது முன்பே இருந்தது’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். சர்வேயர் அதைப் படித்துவிட்டு, மற்றவற்றைப் பற்றி அதிகம் கேட்கவில்லை.