கூரைக்குப் போன 18,000 வெள்ளி

"ஏழே வருஷத்துல போட்ட காசு திரும்பிடும், சார். அப்புறம் பதினெட்டு வருஷம் கரண்டு சும்மாதான்."

2024-ஆம் ஆண்டின் நடுவில், கிள்ளானில் உள்ள எங்கள் இரட்டை மாடி வரிசை வீட்டுக்கு வந்த சோலார் முகவர் இப்படிச் சொன்னார். 4 கிலோவாட் அமைப்பு, விலை 18,000 வெள்ளி. ஆண்டுக்கு மிச்சம் சுமார் 2,500 வெள்ளி. தகடுகளின் ஆயுள் 25 ஆண்டு. பெருக்கி, விலையைக் கழித்தால் ஏறக்குறைய 45,000 வெள்ளி லாபம்.

அந்த 18,000 வெள்ளி சும்மா கிடந்த பணமல்ல. படிவம் நான்கில் படிக்கும் மகளின் மேற்படிப்புக்காகச் சேர்த்தது. வைப்புத் தொகை முதிர்ந்ததும் அதை ஊழியர் சேமநிதியில் கூடுதல் பங்களிப்பாகப் போடுவதாக இருந்தோம். படிப்புச் செலவுக்கு அதிலிருந்து எடுக்க வழியுண்டு. முகவர் போனதும் மனைவி ஒன்றுதான் கேட்டார்: "இந்தக் காசு கூரைக்குப் போகலைன்னா சேமநிதிக்குப் போகும். அங்க எவ்வளவு வளருமோ, அதைவிட இது கூடுதலா தருமா?"

முகவரின் கணக்கில் இல்லாதது இந்தக் கேள்விதான். 2023-க்குச் சேமநிதி தந்த ஈவுத்தொகை 5.5 விழுக்காடு. அந்த விகிதத்தில், பத்தாண்டு கழித்து 2,300 வெள்ளி கையில் வேண்டுமானால் இன்று 1,346 வெள்ளி போட்டால் போதும். அதாவது, பத்தாம் ஆண்டில் மின்கட்டணத்தில் மிச்சமாகும் 2,300 வெள்ளிக்கு இன்றைய மதிப்பு 1,346 வெள்ளிதான். ஒவ்வோர் ஆண்டின் மிச்சத்தையும் இப்படி இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டி, அதிலிருந்து விலையைக் கழித்தால் மிஞ்சுவதே நிகர இன்றைய மதிப்பு. பூச்சியத்துக்கு மேல் வந்தால் கூரை வென்றது. கீழே போனால் சேமநிதி வென்றது.

முதலில் மிச்சம் எவ்வளவு என்று சரியாகத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் மாதம் சுமார் 700 யூனிட் ஓடும். அப்போதைய கட்டணம் படிக்கட்டு போன்றது: முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100-க்கு 33.4 சென், 301 முதல் 600 வரை 51.6 சென், அதற்கு மேல் 900 வரை 54.6 சென். வரிகளை விட்டுவிட்டால் மாதக் கட்டணம் 286 வெள்ளி 40 சென். 4 கிலோவாட் தகடுகள் மாதம் சுமார் 400 யூனிட் தரும். அவை வெட்டுவது மேல்படியில் இருக்கும் விலையுயர்ந்த யூனிட்டுகளை. மிச்சமிருக்கும் 300 யூனிட்டுக்குக் கட்டணம் 77 வெள்ளிதான். மாதம் 209 வெள்ளி மிச்சம். முகவர் சொன்ன 2,500 சரியே. தகடு கழுவும் செலவையும், ஆண்டுக்கு அரை விழுக்காடு போல உற்பத்தி குறைவதையும் கழித்து 2,300 என்று வைத்துக்கொண்டேன்.

முகவர் 7 கிலோவாட் அமைப்பையும் 28,000 வெள்ளிக்குக் காட்டினார். "பில்லே வராது, சார்." உண்மைதான். ஆனால் கூடுதலான 3 கிலோவாட் வெட்டப்போவது கீழ்ப்படியிலுள்ள மலிவான 300 யூனிட்டை. அதற்கு மாதம் 74 வெள்ளிதான் மிச்சம். பத்தாண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 6,700 வெள்ளி. கேட்கும் கூடுதல் விலையோ 10,000. பெரிய அமைப்பு அங்கேயே தள்ளுபடி.

4 கிலோவாட்டுக்கு வந்தேன். முதல் பத்தாண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு 17,336 வெள்ளி. ஏழு ஆண்டில் திரும்பும் என்று சொன்ன காசு, சேமநிதியோடு ஒப்பிட்டால் பத்து ஆண்டிலும் முழுதாகத் திரும்பவில்லை.

பத்தாண்டில் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. நெம் ராக்யாட் திட்டத்தில், பகலில் நாம் வெளியே அனுப்பும் ஒரு யூனிட், இரவில் வாங்கும் ஒரு யூனிட்டுக்கு ஈடாகக் கழியும். பகல் வெயில் இரவுக் குளிர்சாதனத்துக்கு உதவுவது இப்படித்தான். ஆனால் அந்தச் சலுகை பத்தாண்டுக்கு மட்டுமே. பிறகு, உற்பத்தியாகும் நேரத்தில் வீட்டில் பயன்படுத்தினால்தான் லாபம். நாங்கள் இருவரும் பகலில் வேலைக்குப் போகிறோம். அம்மா மட்டும் வீட்டில் இருக்கிறார். அவருடைய விசிறி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் சேர்த்து மாதம் 160 யூனிட் பகலில் ஓடும் என்று கணித்தேன். அந்தக் கணக்கில் பதினோராம் ஆண்டு முதல் மிச்சம் ஆண்டுக்கு 800 வெள்ளிதான். இடையில், பன்னிரண்டாம் ஆண்டு வாக்கில் இன்வெர்ட்டரை மாற்ற 4,000 வெள்ளி ஒதுக்கினேன். தகடு 25 ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் தாங்காது.

எல்லாம் கூட்டிக் கழித்தபோது நிகர இன்றைய மதிப்பு சுமார் 1,900 வெள்ளி. முகவரின் 45,000 இப்படிச் சுருங்கியது. கூரை வென்றது, ஆனால் மயிரிழையில்.

மனைவி தாளைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். "ஏழு வருஷத்துல வீட்ட வித்துட்டுப் போனா?" கணக்கிட்டேன். ஏழாண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு 13,000 வெள்ளிதான். வீட்டை வாங்குபவர் தகடுகளுக்கென்று தனியாகத் தராவிட்டால் சுமார் 4,900 வெள்ளி நட்டம். சேமநிதியில் போட்டதில் ஒரு பகுதியை மகளுக்காக எடுக்கலாம். கூரையில் போட்டதை எடுக்க முடியாது.

முடிவைத் தந்தது அந்த ஆண்டு அரசாங்கம் அறிவித்த சோலாரிஸ் ஊக்கத்தொகை. கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி, உச்சவரம்பு 4,000. எங்கள் அளவுக்கு முழுத் தொகையும் கிடைக்கும். நிகர இன்றைய மதிப்பு 5,900 வெள்ளியாக உயர்ந்தது. ஏழாண்டில் விற்றாலும் நட்டம் சுமார் 900 வெள்ளிதான். அம்மா இந்த வீட்டை விட்டு வரமாட்டார் என்பதும் எங்களுக்குத் தெரியும். மகளின் முதலாண்டுக் கட்டணத்தை வேறு சேமிப்பிலிருந்து கட்டுவது, மின்கட்டணத்தில் மிச்சமாவதை மாதாமாதம் அவள் கணக்கில் போடுவது என்று முடிவு செய்து கையெழுத்திட்டோம். அந்த 200 வெள்ளி தானியங்கிக் கட்டளையாகவே போகிறது. இல்லாவிட்டால் மிச்சம் என்பது கடைச் செலவில் கரைந்துவிடும். பிறகு எந்தக் கணக்கும் மெய்யாகாது.

இன்று இதே முடிவை எடுக்க நினைப்பவர்கள் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2025 ஜூலை முதல் அந்தப் படிக்கட்டுக் கட்டணம் இல்லை. நெம் திட்டமும் முடிந்துவிட்டது. 2026 ஜனவரி முதல் சோலார் அத்தாப் வந்திருக்கிறது. அதில் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு, நாம் வாங்கும் முழு விலை கழியாது. எரிசக்திக் கட்டணம் என்ற ஒரு பகுதி மட்டுமே கழியும். எங்களுக்குப் பதினோராம் ஆண்டில் எழும் கேள்வி புதிதாகப் பதிவு செய்வோருக்கு முதல் மாதமே எழுகிறது: காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை உங்கள் வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது?

அதை அறிய முகவர் தேவையில்லை. ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் மீட்டரைப் பார்த்து எழுதி வைத்தால் போதும். தகடுகளின் அளவை அந்த எண்ணே சொல்லிவிடும்.