கோடு தப்பாத தரை

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் உள்தளம் ஆத்தங்குடிக் கல் பாவியது. ஐந்து வரிசைப் பூக்கற்களுக்கு அடுத்து ஒரு கறுப்பு வரிசை வரும். அதன் விளிம்பில் குதிகால் வைத்தே ஸஃப்புகளை நேராக்குகிறோம். சென்ற ஆண்டு, கிதாபு அலமாரி நின்றிருந்த சிமெண்டு மேடையை உடைத்து எடுத்தோம். ஆறு கல் அகலத்துக்குத் தரை வெறுமையாயிற்று. ஒரு கறுப்பு வரிசையும் நடுவில் அறுந்து நின்றது.

வந்த கொத்தனார் முதலில் நூலைக் கையில் எடுத்தார். சுவரிலிருந்து அளக்கவில்லை. பழைய சுவர் கோணலாயிருந்தால் அக்கோணல் தரைக்கும் வந்துவிடும் என்றார். பள்ளத்தின் இருபுறமும் ஏழெட்டுக் கல் தள்ளி ஆணியடித்து, கறுப்பு வரிசையின் மேல்விளிம்பை ஒட்டி நூலை இழுத்தார். அப்போதுதான் ஒன்று தெரிந்தது: வடபுற வரிசையும் தென்புற வரிசையும் ஒரே கோட்டில் இல்லை. ஐந்து மில்லிமீட்டர் விலகல். மேடை கட்டிய பிறகே கல் பாவியிருக்க வேண்டும். இரு பக்கமும் தனித்தனியே வந்திருக்கின்றன.

வடபுறக் கோட்டை அப்படியே நீட்டினால், தென்முனையில் அந்த ஐந்து மில்லிமீட்டரும் ஒரே இடத்தில் படியாகத் துருத்தும். கண் உடனே அதைப் பிடித்துவிடும். ஆகவே அவர் வடக்கு விளிம்பின் முடிவிலிருந்து தெற்கு விளிம்பின் தொடக்கத்துக்கு நேரே நூலைக் கட்டினார். ஆறு கற்களில் பரவியபோது கல்லுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடச் சாய்வில்லை. மற்ற வரிசைகளுக்கும் தனித்தனி நூல்தான். முந்திய வரிசையைப் பார்த்தே அடுத்ததை வைத்துப் போனால் சிறு பிழைகள் சேர்ந்து பெருகும்.

அகலத்திலும் இதே கணக்கு. மேடையைச் சுற்றியிருந்த வெட்டுத் துண்டுகளை முழுக்கல் வரும்வரை பெயர்த்த பின், இடைவெளி 1,215 மில்லிமீட்டர். இருநூறு மில்லிமீட்டர்க் கல் ஆறு வைத்தால் 15 மிஞ்சும். அதை ஏழு இணைப்புகளுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொச்சம். ஒரு பக்கத்திலிருந்து நெருக்கி வைத்துக்கொண்டே போயிருந்தால், மறுகோடியில் விரல் நுழையும் பிளவு விழுந்திருக்கும். கலவை குழைக்கும் முன்பே எல்லாக் கற்களையும் வெறுந்தரையில் பரப்பிப் பார்த்துவிட்டார்; கையால் வார்க்கும் கற்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை.

நிறம்தான் எனக்குக் கவலையாயிருந்தது. புதுக்கல் பளிச்சென்று தனித்துத் தெரியும். அதற்கும் அவரிடம் வழி இருந்தது: செருப்பு அறையில் பாவியிருந்த அதே காலத்துக் கற்களை உடையாமல் பெயர்த்து இங்கே பதித்தார், புதியவை அங்கே போயின.

இஷாவுக்குப் பின் கல் பதித்து, நீண்ட மட்டப்பலகையைப் பழைய தரையிலிருந்து பழைய தரைவரை வைத்துத் தட்டிச் சமப்படுத்தினார். இரண்டு நாள் அந்த இடத்தைக் கயிறு கட்டி விலக்கி, ஸஃப்பை ஒரு வரிசை பின்னே வைத்துத் தொழுதோம்.