முதல் பில்

நம் பெற்றோர் பால்மரம் வெட்டிய காலத்தில் தங்கள் வேலைக்குத் தாங்களே கணக்கு எழுதியதில்லை. பிரட்டில் பெயர் கொடுப்பார்கள். பாலை நிறுத்துக் கிராணி எழுதிக்கொள்வார். அவர் எழுதியதே சம்பளமாகக் கைக்கு வரும். தனியாக வேலை எடுத்துச் செய்பவருக்குக் கிராணி இல்லை என்பதை, கூலாயில் என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மூலம்தான் நான் உணர்ந்தேன்.

தொழிற்சாலைப் பாதுகாப்புக் கையேடு ஒன்றை மலாயிலிருந்து தமிழாக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. ஒரு சொல்லுக்கு 20 காசு என்று பேச்சு. மூன்று வாரம், வீட்டில் எல்லாரும் உறங்கிய பின் உட்கார்ந்து முடித்தாள். வேலையை அனுப்பிவிட்டாள்; பில்லை மட்டும் அனுப்பவில்லை. "இவ்வளவு கேட்கலாமா சார்? கேட்டால் அடுத்த வேலை தருவார்களா?" என்று தாளோடு என் வீட்டுக்கு வந்தாள்.

பார்த்தேன். 3,600 சொற்கள், 720 வெள்ளி என்று எழுதியிருந்தாள்.

"எதை எண்ணினாய் அம்மா?"

"நான் எழுதிய தமிழை, சார்."

அங்கேதான் பிசகு. மலாயில் 'டி கிலாங்' என்பது இரண்டு சொல். தமிழில் 'தொழிற்சாலையில்' என்று ஒன்றாகிவிடும். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்வதால், அதே செய்திக்குத் தமிழில் சொற்கள் குறைகின்றன. வேலை கொடுத்தவர் கைப்பேசியில் அனுப்பிய செய்தியைத் தேடச் சொன்னேன். 'மூலத்தின் சொற்கள்' என்றே அதில் இருந்தது. மூலத்தில் 4,800 சொற்கள். ஆகவே 960 வெள்ளி. அச்சத்தில் அவசரமாக அனுப்பியிருந்தால் 240 வெள்ளி போயிருக்கும்.

பிறகு இருவரும் புதிதாக எழுதினோம். மேலே பில் எண், தேதி, இரு தரப்பின் பெயர், முகவரி. நடுவில் கையேட்டின் பெயர், 'மலாய் மூலம் 4,800 சொற்கள், சொல்லுக்கு 20 காசு', மொத்தம். கீழே, பேசியபடி 30 நாளில் பணம் தரவேண்டிய கடைசித் தேதி, வங்கிக் கணக்கு எண். பில்லில் உள்ள பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும் என்றேன். வேறாக இருந்தால் பணம் போடுபவர் தயங்குவார். "சேவை வரி சேர்க்கவேண்டுமா?" என்றாள். சுங்கத் துறையில் அதற்குப் பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கக் கூடாது. நகலை மட்டும் வருமான வரிக் கணக்குக்காக ஏழு ஆண்டு பத்திரப்படுத்தச் சொன்னேன்.

அனுப்பும்போது அவள் விரல் நடுங்கியது. ஐந்து நிமிடத்தில், 'கிடைத்தது, நன்றி' என்று பதில். அவ்வளவுதான். யாரும் கோபிக்கவில்லை.

இருபத்தாறாம் நாள் 960 வெள்ளியும் வந்து சேர்ந்தது. அன்று மாலை ஒரு புதிய நோட்டோடு வந்தாள். முதல் பக்கத்தில் 'பில் எண் 1' என்று எழுதி, எதிரே தேதியும் தொகையும் குறித்திருந்தாள். தன் கிராணி வேலையை அவளே ஏற்றுக்கொண்டுவிட்டாள்.