தட்டு மாறும் வரை ‘நாங்கள்’

நிச்சயதார்த்தத்தில் கவிதை படிப்பது எங்கள் குடும்பத்தில் என் தலையில் விழுந்த வேலை. வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தமிழில் பட்டம் எதுவும் கிடையாது. யாப்பை ஒரு பழைய புத்தகத்தில் பார்த்துப் பழகினேன். அக்கா, தங்கை பிள்ளைகளின் விசேஷம் என்றால், “மாமா ரெண்டு வரி எழுதிக் கொண்டாந்துருவாரு” என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள்.

முதல் முறை எழுதியது பெரிய அக்கா மகனின் நிச்சயத்துக்கு. நாற்பது வரி. இரண்டு வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் எதுகையில் கோத்திருந்தேன். பெண்ணின் சித்தப்பா ஒருவர் பெயர் விட்டுப்போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். “எங்கள் வீட்டு விளக்கேற்ற நீங்கள் தந்த பெண்ணே” என்ற பொருளில் நான் ஒரு வரி படித்ததும் பெண்ணின் அம்மா முகம் மாறியது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எல்லோருக்கும் கேட்கும்படி, “இன்னும் தட்டே மாத்தலையே, அதுக்குள்ள தந்தாச்சா?” என்றார். சிரித்துச் சமாளித்தோம். ஆனால் அந்தப் பாட்டி எனக்குச் சொல்லித்தந்த பாடத்தை எந்த யாப்பு நூலிலும் நான் பார்த்ததில்லை.

கல்யாண வாழ்த்துக்கும் நிச்சயக் கவிதைக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. தாலி ஏறியபின் படிக்கும் வாழ்த்தில் எதை வேண்டுமானாலும் நடந்து முடிந்ததாகச் சொல்லலாம். நிச்சயத்தில் தாம்பூலத் தட்டு கைமாறும் வரை எதுவும் நடக்கவில்லை. இரண்டு வீட்டாரும் எதிரெதிர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஒருவர் புடவையை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ‘பெண் கொடுக்கிறோம்’, ‘பெண் எடுக்கிறோம்’ என்று பேச்சில் சாதாரணமாகச் சொல்கிறோம். அதையே மைக்கில் மாப்பிள்ளையின் தாய்மாமன் சொன்னால் ஒரு பக்கம் மேலே ஏறி, மறுபக்கம் கீழே இறங்கிவிடும். அதனால் இந்த இரண்டு வினைச்சொற்களையும் என் கவிதையிலிருந்து எடுத்துவிட்டேன். ‘சம்பந்தி’ என்ற சொல்லை மட்டும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இவர் அவருக்குச் சம்பந்தி என்றால் அவரும் இவருக்குச் சம்பந்திதான். அதில் ஏற்ற இறக்கம் இல்லை.

போன தை மாதம் சின்ன அக்கா மகனுக்கு நிச்சயம். நாங்கள் அம்பாசமுத்திரம். பெண் வீட்டார் ஆடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விசேஷம் கும்பகோணத்தில், பெண் வீட்டார் பிடித்த மண்டபத்தில். இதிலேயே ஒரு சிக்கல் வந்தது. “ரெண்டு குடும்பத்தையும் வரவேற்கிற மாதிரி எழுதுடா தம்பி” என்றாள் அக்கா. மண்டபம் அவர்களுடையது. வாசலில் பன்னீர் தெளித்து ‘வாங்க’ சொன்னவர்கள் அவர்கள். விருந்தாளியாகப் போய் இறங்கிய நான் எழுந்து நின்று ‘வருக வருக’ என்று எப்படிச் சொல்வது? அதனால் ‘வருக’வை விட்டுவிட்டு, கூடியிருக்கும் எல்லோரையும் ஒரே விளியில் அழைக்க ‘அவையீர்’ என்று வைத்துக்கொண்டேன். அவைக்கு வீட்டுக்காரர், விருந்தாளி என்ற பிரிவு இல்லை.

பாவகையில் முதலில் வெண்பாவை முயன்று பார்த்தேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் உரக்கப் படித்ததும், “மூணாவது வரியிலயே விட்டுட்டேன் மாமா” என்றான் மருமகன். வெண்பா செறிவானது. கண்ணால் திரும்பிப் போய்ப் பார்க்க முடிகிறவனுக்குத்தான் அது பிடிபடும். காதில் ஒரே ஒரு தடவை விழுவதற்கு அகவல்தான் ஏற்றது. நாலு நாலு சீராக, பேச்சுக்குப் பக்கத்தில் நடக்கும். கடைசியில் ஓர் ஏகாரம் போட்டால் முடிந்தது என்று தவில்காரருக்குக்கூடத் தெரியும்.

விஷயத்துக்கு முதலில் வந்தது எல்லோருக்கும் வருவதுதான்: காவிரியும் பொருநையும் கலந்தன என்று ஒரு வரி. யாப்பும் சரியாக அமைந்தது. மறுநாள் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. பொருநை புன்னக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் போய்ச் சேருகிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. இரண்டும் எங்கேயும் கலக்கவில்லை. மண்டபத்தில் பாதிப் பேர் வாய்க்கால் தண்ணீரில் பிழைப்பவர்கள். கலக்காத ஆற்றைக் கலந்ததாகச் சொல்பவன், உறவைப் பற்றிச் சொல்வதை மட்டும் அவர்கள் எப்படி நம்புவார்கள்?

உண்மையிலேயே இரண்டு ஊருக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தபோது, முப்பது வருஷம் நான் விதைநெல் மூட்டையோடு புழங்கியது கைகொடுத்தது. அம்பை 16 என்ற நெல் ரகம் 1986-இல் வெளிவந்தது. குட்டையாகத் தடித்த அரிசி. எங்கள் பக்கம் சோற்றுக்கும் இட்லிக்கும் அதுதான். அதன் பெற்றோர் ஆடுதுறை 31, கோ 39. ரகத்தின் பிறப்பை எழுதும்போது தாய்ப் பயிரை முதலில் எழுதுவது வழக்கம். ஆக, அக்கா வீட்டில் இத்தனை வருஷம் பொங்கிய சோற்றுக்குத் தாய் ஆடுதுறைக்காரி. பெண் கேட்டுப் போவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அந்த ஊர் எங்கள் அடுப்பில் இருந்திருக்கிறது. பட்டியலில் பார்த்துப் பழகிய விவரம்தான். அன்றைக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

அதை வரியாக்கியது இப்படி:

அம்பை வயலில் அசையும் கதிர்க்கோ
ஆடு துறையே அன்னையின் வீடு

ஆடு, அன்னை என்று மோனை அழகாக விழுந்துவிட்டது. ஆனால் ‘அன்னையின் வீடு’ என்று எந்தப் பெண் சொல்கிறாள்? தலைப்பிரசவத்துக்குப் போவதும், கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்குவதும் தாய்வீட்டுக்குத்தான். அந்தச் சொல் இல்லாவிட்டால் வரிக்கு உயிர் இல்லை. இரண்டு நாள் தயங்கிவிட்டு மோனையை விட்டுக்கொடுத்தேன். ‘ஆடு துறையே தாய்வீ டாகும்’ என்று மாற்றினேன். சீர் தப்பவில்லை. மோனை போனது யாருக்கும் தெரியவில்லை. தாய்வீடு என்றதும் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்ததை நானே கேட்டேன்.

தொடக்கத்துக்குப் பாட்டியல் நூல்களைப் பார்த்தேன். ஜாதகத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல் பாட்டின் முதற்சொல்லுக்கும் பாட்டுடைத் தலைவனுக்கும் பத்துப் பொருத்தம் சொல்கிறது வச்சணந்தி மாலை. எழுத்தில் அமுது, நஞ்சு என்றுகூடப் பிரிவு உண்டு. நான் பத்தையும் பார்ப்பதில்லை. முதற்சொல் மங்கலச் சொல்லா என்பதை மட்டும் பார்ப்பேன். ‘பூ’ அந்தப் பட்டியலில் இருக்கிறது. தாம்பூலத் தட்டிலும் இருக்கிறது. அதற்கு மோனையாக வந்த ‘பொலி’ களத்துமேட்டுச் சொல். தூற்றிக் குவித்த நெல்லை அப்படித்தான் சொல்வோம்.

எழுதி முடித்தபோது ஒன்பது வரி ஆனது. தட்டு எண்ணிக்கைபோல ஒற்றைப்படை.

பூவொடு வெற்றிலை பொலியும் அவையீர்
நாவினில் ஊறும் நல்லதோர் செய்தி
அம்பை வயலில் அசையும் கதிர்க்கோ
ஆடு துறையே தாய்வீ டாகும்
நெல்லின் வழியே நெருங்கிய உறவிது
சொல்லும் முன்னே சோற்றில் கலந்தது
நீங்களும் நாங்களும் நின்ற வாசலில்
தட்டு மாறித் தாம்பூலம் கைவர
நாமெனும் சொல்லில் நாள்கள் தொடங்குமே

கடைசி மூன்று வரிதான் நான் மிகவும் யோசித்து வைத்த இடம். தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். படிக்காதவர்கூட இதில் தவறுவதில்லை. “நாங்க சாப்பிடப் போறோம்” என்றால் எழுந்து வராமல் இருப்பார். “நாம சாப்பிடப் போவோம்” என்றால் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். நிச்சயக் கவிதையின் வேலையே முதல் சொல்லிலிருந்து இரண்டாவது சொல்லுக்கு அவையைக் கூட்டிப் போவதுதான். அதைச் சீக்கிரம் சொன்னால் உரிமை எடுத்துக்கொண்டது போல ஆகும். என் பழைய தப்பு அதுதான். அதனால் கவிதையை இரண்டாகப் பிரித்தேன். ஆறு வரி தட்டு மாற்றும் முன், மூன்று வரி தட்டு மாறிய பின்.

தாளில் எழுதும்போது சீர் பிரிப்பதில்லை. ‘தாய்வீ டாகும்’ என்று எழுதிவைத்தால் பதற்றத்தில் அப்படியே உடைத்துப் படித்துவிடுவேன். ‘ஆடுதுறையே தாய்வீடாகும்’ என்று பேச்சில் வருவதுபோலச் சேர்த்து எழுதி, நிறுத்த வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டுக்கொள்வேன். அச்சடிப்பதும் இல்லை. நிச்சயம் என்ற பெயர் இருந்தாலும் சில சமயம் நிச்சயம் தவறிப்போவதுண்டு. பெயர் போட்டு அச்சடித்த தாள் நூறு வீட்டில் கிடந்தால் அது அந்தப் பெண்ணுக்குத்தான் பாரம்.

லக்னப் பத்திரிகை வாசித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு வரிக்கு யாரும் கவனிக்கவில்லை. குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆடுதுறை என்ற பெயர் வந்ததும் பெண்ணின் பெரியப்பா நிமிர்ந்தார். ஆறாவது வரி முடிந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம், “அம்பை பதினாறைச் சொல்றாரு. நம்ம முப்பத்தொண்ணுதான்யா அதுக்குத் தாயி” என்று விளக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு முறுக்கோடு ஒருவன் எழுந்து நிற்கிறான் என்று எதிர்பார்த்தவர்களிடம், எங்கள் சோறு உங்கள் ஊரிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டோம்.

அடுத்து நடந்ததை நான் கணக்கில் வைக்கவில்லை. தட்டு கை மாறிய நொடியில் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். கொட்டத்தானே செய்வார்கள். நான் வாயைத் திறந்து ‘நீங்களும்’ என்றேன், எனக்கே கேட்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு நின்றேன். மேளம் அடங்கியதும் போட்டோக்காரர் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். கடைசி மூன்று வரியைப் படித்தபோது பாதிப் பேர் பந்திக்குப் போயிருந்தார்கள். இனிமேல் எழுதினால் முன்கூட்டியே மேளக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்.

சாயங்காலம் வண்டியில் சாமான் ஏற்றும்போது தட்டு குழம்பிப்போனது. நாங்கள் கொண்டுபோன பதினொன்றில் இரண்டு குறைந்தது. அவர்கள் தட்டு ஒன்று எங்கள் பையில் இருந்தது. அடியில் எழுதிய பெயிண்ட் எழுத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. பெண்ணின் பெரியப்பா வந்து டார்ச்சை வாங்கி அணைத்தார்.

“விடுங்கம்மா, எல்லாம் நம்ம தட்டுதான்.”

அவர் மூன்று வரியைக் கேட்டவர் இல்லை. அந்நேரம் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்.